கட்டிலின் நான்காம் கால்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். ஆபீஸில் டீம் லீடர். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அவர் அத்தான். அவர் வந்தால் அவள் எழுந்து நாற்காலி போட வேண்டும். ஆபீஸில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்; அவள் வந்தால் அவர் எழுந்து நின்றார். எழுந்திருக்காதீங்க என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "ஆபீஸ்னா ஆபீஸ்தான் மேடம்" என்றார். அந்த மேடம் ஒவ்வொரு முறையும் அவள் காதில் சுருக்கென்று குத்தியது.

கம்பெனி கட்டில், அலமாரி, மேஜை எல்லாம் விற்கிறது. முழுசாக அல்ல. பலகை பலகையாகப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிடுவார்கள். வாங்கினவர் திருகாணி முடுக்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டி முடிக்கும் நேரத்தில் ஏதாவது ஒன்று குறையும். அப்போது வாங்கினவருக்கு வரும் ஆத்திரம் இருக்கிறதே, அதை வாங்கிக்கட்டிக்கொள்ளத்தான் சின்னவளின் டீம். போனில் கிடையாது, எல்லாம் சாட்டில். வாடிக்கையாளர் எழுதுவார், இவர்கள் பதில் எழுதுவார்கள், கடைசியில் பதில் பிடித்திருந்தால் அவர் நட்சத்திரம் போடுவார்.

அத்தானுக்கு நட்சத்திரமே விழவில்லை. தலை நரைக்கும்வரை ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கடிதம் எழுதியே பழகினவர். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அந்த வயசில் யார் வேலை தருவார்கள்? அக்கா ஒருநாள் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல உக்காந்து உக்காந்து மனுஷன் சுவரையே பாத்துட்டு இருக்காருடி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டாள். இப்போது தகுதிகாண் காலம் முடியப் போகிறது. நட்சத்திரம் ஏறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுபடியும் அந்தச் சுவர்தான்.

இந்த நேரம் பார்த்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆளுங்க எழுதறதப் படிச்சுப் பாருங்க. ஒருத்தர் கொஞ்சறாங்க, ஒருத்தர் அதட்டறாங்க, ஒருத்தர் நோட்டீஸ் விடறாரு. ஒரே கம்பெனிதான் பேசுதுன்னு யாராவது நம்புவாங்களா? நம்ம தொனி என்னன்னு ஒரு கையேடு போட்டுடுங்க. இப்படி எழுதலாம், இப்படி எழுதக்கூடாதுன்னு உதாரணத்தோட. இனிமே மார்க் போடறது அத வெச்சுத்தான்."

நோட்டீஸ் விடுகிறவர் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

சின்னவள் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். அத்தான் கையைப் பிடித்துக் கரையேற்ற இதைவிட நல்ல வழி எது என்று அவளுக்கு ஒரே உற்சாகம். முதல் பக்கத்தில் குணம்: நாம் நட்பாகப் பேசுவோம், குழைய மாட்டோம். நேராகப் பேசுவோம், வெட்டிப் பேச மாட்டோம். எப்போதும் சிரித்த முகத்தோடு எழுதுவோம். இரண்டாம் பக்கத்தில் இரண்டு பத்தி. வலதில் 'இப்படி', இடதில் 'இப்படி வேண்டாம்'. வலது பத்தி மளமளவென்று வந்துவிட்டது. இடது பத்திதான் படுத்தியது. தானாகக் கற்பனை செய்து எழுதிய மோசமான பதில்கள் எல்லாம் நாடக வில்லன் பேசுகிற மாதிரி இருந்தன. எந்த மனிதனும் அப்படி எழுத மாட்டான். சரி, நிஜத்திலிருந்தே எடுப்போம் என்று பழைய சாட்டுகளைத் துழாவினாள். அகப்பட்டது ஒரு ரத்தினம்.

வாடிக்கையாளர் கேட்டிருந்தார்: "கட்டிலுக்கு மூணு கால்தான் வந்திருக்கு. நான் எப்படிப் படுக்கிறது?"

பதில்: "தங்கள் புகார் பெறப்பட்டது. கட்டிலின் நான்காம் கால் குறித்த தங்கள் கோரிக்கை உரிய பிரிவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஆவன செய்யப்படும்."

பெயரை அழித்துவிட்டு இடது பத்தியில் போட்டாள். பெயர் இல்லை, ஆகவே யாருக்கும் வலிக்காது என்று நினைத்தாள். டீமில் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒருத்தர் எழுத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் இன்னொருத்தர் சொல்லிவிடுவார் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். என்ன செய்வது, நல்லது செய்கிறோம் என்கிற வேகத்தில் இருக்கும்போதுதான் நமக்குக் கண் மறைக்கும்.

மீட்டிங்கில் திரையில் அந்தப் பக்கம் வந்தது. டீமில் ஒரு பெண். வாயாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்புவாள். அவள் படித்ததும் படிக்காததுமாகச் சின்னவளைப் பார்த்து, "அக்கா, இது கலெக்டர் ஆர்டர்தானே" என்றாள்.

அத்தானுக்கு ஆபீஸில் கலெக்டர் என்று பட்டப்பெயர். அறையே குலுங்கியது. நான்காம் கால், நான்காம் கால் என்று ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் மேஜையைத் தட்டினார். படித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றதைச் சின்னவள் மட்டும் பார்த்தாள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மீட்டிங் முடிந்ததும் அவர் அச்சடித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு மேடம். கத்துக்கறேன்" என்றார்.

சாயங்காலமே அக்காவின் போன் வந்துவிட்டது.

"ஏண்டி, ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?"

"ஏன், அத்தான் ஏதாவது சொன்னாரா?"

"அவரு எங்க சொல்றாரு. வந்ததுலேர்ந்து ஒரு தாள வெச்சுக்கிட்டு மனப்பாடம் பண்ணிட்டு இருக்காரு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. எனக்குப் பயமா இருக்கு. நீ பாத்துப்பதானே?"

"பாத்துக்கறேன்க்கா" என்றாள் சின்னவள்.

மனப்பாடம் பண்ணியது வலது பத்தியை. அதில் கட்டில் காலுக்குச் சின்னவள் எழுதியிருந்த 'இப்படி' இது: "அடடா, ஒன்னு குறைச்சு அனுப்பிட்டோமா! முழுக்க எங்க தப்புதான். இன்னிக்கே கிளம்பி வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் பேலன்ஸ் பண்ணிக்குங்க." கடைசியில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. எழுதும்போது தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்ட வாக்கியம். அத்தான் பலகை குறைந்தவருக்கும் இதையே எழுதினார், திருகாணி குறைந்தவருக்கும் இதையே எழுதினார். இரண்டு மூன்று நட்சத்திரம்கூட விழுந்தது. வாயாடி தட்டிக்கொடுத்தாள். சின்னவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ஒரு காலையில் மேனேஜர் தன் போனை அவள் முன்னால் நீட்டினார். ஒரு தாய் சாட்டைப் படம் பிடித்து ஊருக்கே போட்டிருந்தாள். அவள் எழுதியிருந்தது: "உங்க அலமாரி அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு. என் பையன் பக்கத்துலதான் விளையாடிட்டு இருந்தான். ஒரு அடி தள்ளி விழுந்தது. சுவத்துல மாட்டற பட்டைன்னு ஏதோ படத்துல இருக்கு, பெட்டியில அது இல்ல. நான் இப்ப என்ன பண்றது?"

கீழே கம்பெனியின் பதில்: "அடடா, ஒன்னு குறைச்சு அனுப்பிட்டோமா! முழுக்க எங்க தப்புதான். இன்னிக்கே கிளம்பி வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் பேலன்ஸ் பண்ணிக்குங்க." அந்தச் சிரிக்கிற மூஞ்சியும் பத்திரமாக இருந்தது.

சின்னவள் அதை இரண்டாம் தடவை படித்தாள். சரிந்து விழுந்த அலமாரியைப் பேலன்ஸ் பண்ணச் சொல்லியிருக்கிறோம், குழந்தை நின்ற வீட்டில்.

"உங்க அத்தான்தான்" என்றார் மேனேஜர். குரலை உயர்த்தவில்லை; அவர் உயர்த்தியிருந்தால் தேவலை. "இனிமே என்னால முடியாது. இன்னிக்கோட முடிச்சுக்கலாம்."

"சார், அவரு அவரா எழுதல. நான் எழுதிக் குடுத்தத எழுதியிருக்காரு. ஒரு எழுத்து மாறல பாருங்க."

"இடம் பொருள் தெரிய வேணாமா?"

"அத நான் எங்க எழுதினேன்? எப்பவும் சிரிச்ச முகத்தோடன்னுதானே எழுதினேன். இத வெச்சுத்தான் மார்க்னு வேற சொன்னோம். மார்க் வேணும்னு நினைக்கிற மனுஷன் வேற என்ன பண்ணுவாரு?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மேனேஜர் மேல் அல்ல, தன் மேல். ஆனால் மேனேஜர்தானே எதிரில் உட்கார்ந்திருந்தார். "அனுப்பறதுன்னா என்னைத்தான் மொதல்ல அனுப்பணும்."

அவர் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள அந்தம்மாவுக்கு ஒழுங்கா ஒரு பதில் போகணும். போயி, அவங்க மனசு ஆறினா அப்புறம் பேசலாம். இல்லேன்னா நான் சொன்னதுதான்."

சின்னவள் வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். "உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது" என்று எழுதி அழித்தாள். எங்கே புரிந்தது, புரிந்திருந்தால் சிரிக்கிற மூஞ்சியா போயிருக்கும்? "தயவுசெய்து கவலைப்படாதீர்கள்" என்று எழுதினாள். அதையும் அழித்தாள். எத்தனை முறை எழுதினாலும் கையேட்டு வாடை அடித்தது.

எழுந்து அத்தானைத் தேடிப் போனாள். அவர் சாப்பாட்டு அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் பைக்குள் இருந்தது, பை மடியில் இருந்தது. புறப்படத் தயாராக இருக்கிற மனுஷன் உட்காருகிற மாதிரி.

"வாங்க மேடம். எனக்கே தெரியும். உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

"அத்தான், மேடம்ங்காதீங்க. ஒரு நிமிஷம் கேளுங்க." அவள் போனை எடுத்து அந்தத் தாய் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். நான் இப்ப என்ன பண்றது. காலையிலிருந்து அதைக் கண்ணால் ஆயிரம் தடவை பார்த்தவள், காதால் கேட்டது அப்போதுதான்.

"கேள்வி கேட்டிருக்காங்க, அத்தான். நம்ம யாரும் பதிலே சொல்லல. நானும் இவ்வளவு நேரம் ஆறுதல்தான் எழுதிட்டு இருக்கேன்."

அவர் போனை வாங்கித் தானும் படித்தார். பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"மொதல்ல அத நிமித்தாதீங்கன்னு சொல்லணும்" என்றார் மெதுவாக. "திரும்ப நிமித்தி வெச்சா திரும்ப விழும். அப்புறம், இன்னிக்கு ஆள் வருவாருன்னு எழுதணும்னா, ஆள் இருக்காரான்னு கேட்டுட்டுத்தான் எழுதணும். இன்னிக்கேன்னு நான் அன்னிக்கெல்லாம் எழுதினேனே, எனக்கு உள்ளுக்குள்ள உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆனா கையேட்டுல இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே, அத்தான்."

"இன்னொரு தடவ எல்லாரும் சிரிக்கறதுக்கா?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

"பேர எடுத்துட்டா போதும்னு நினைச்சேன். உங்ககிட்ட கேட்டுட்டுப் போட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி, "மெக்கானிக் நம்பர் குடு" என்றார். குடுங்க இல்லை, குடு. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

மெக்கானிக்கிடம் பேசி, வருகிறேன் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அத்தான் எழுத உட்கார்ந்தார். அவர் எழுத எழுத அவள் பரிசீலனை, ஆவன என்று தலைநீட்டியதையெல்லாம் வெட்டினாள். அவள் கவலைப்படாதீங்க என்று சேர்க்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். "குழந்தை பக்கத்துல அலமாரி விழுந்திருக்கு. கவலப்படாம என்ன பண்ணுவாங்க?" இருவரும் வெட்டியது போக மிச்சம் நின்றது இது:

"வணக்கம். காலையில் உங்களுக்குப் பதில் எழுதியது நான்தான். நீங்கள் பயந்துபோயிருந்த நேரத்தில் விளையாட்டாக எழுதிவிட்டேன். மன்னியுங்கள். அலமாரியை நிமிர்த்த வேண்டாம். தரையில் கிடக்கிறபடியே கிடக்கட்டும். பையன் உள்ளே போகாதபடி அந்த அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். எங்கள் மெக்கானிக்கிடம் இப்போதுதான் பேசினேன். இன்று மதியம் சுவர்ப் பட்டையோடு வருகிறார். அவரே மாட்டித் தருவார். அலமாரியே வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார், பணம் திரும்பி வந்துவிடும். பட்டை எப்படி விடுபட்டது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை; தெரிந்ததும் நானே எழுதுகிறேன். பையன் எப்படி இருக்கிறான்?"

அனுப்பிவிட்டு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயாடியும் பின்னால் வந்து நின்றாள். நேரம் போனது. பதில் வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்து போனது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. சின்னவள் அக்காவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தது: "பையன் நல்லா இருக்கான். கதவச் சாத்தி வெச்சிருந்தேன். உங்க ஆளு வந்து மாட்டிட்டு, என்னையே பிடிச்சு இழுத்துப் பாக்கச் சொன்னாரு. அசையல. காலையிலயே இப்படி சொல்லியிருந்தா நான் அத வெளியில போட்டிருக்கவே மாட்டேன். எடுத்துடறேன். பையனப் பத்தி நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

மேனேஜர் படித்தார். "சரி, மனசு ஆறியாச்சு. கையேட்டச் சரி பண்ணுங்க. அத வெச்சு இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றார். முழு வாக்குறுதி இல்லைதான். ஆனால் காலையில் இருந்ததோடு பார்த்தால் அது வயிற்றில் பாலை வார்த்தது.

புதுக் கையேட்டுக்குச் சின்னவள் தனியாக உட்காரவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, சும்மா 'இப்படி', 'இப்படி வேண்டாம்' என்று மட்டும் போடாமல், எதிரே எழுதுகிறவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார், அவருக்கு முதலில் என்ன வேண்டும் என்று அதற்கு முன்னால் ஒரு பத்தி சேர்த்தாள். கடைசியில் ஏன் என்று ஒரு பத்தி. குணம் மாறாது, தொனி ஆளைப் பார்த்து மாறும் என்று மேலே எழுதினாள். ஒவ்வொரு நிலைமைக்கும் 'இப்படி'யில் இரண்டு மூன்று பேர் கைப்பட எழுதியது, ஒன்றைப்போல ஒன்று இல்லாமல். ஒன்றே ஒன்றைப் போட்டால் அப்படியே நகல் எடுத்து ஒட்டத்தான் தோன்றும். 'இப்படி வேண்டாம்' பத்திக்கு ஒரே சட்டம்: எழுதினவரே கொடுத்தால்தான் போட வேண்டும்.

முதலில் தன்னுடையதைப் போட்டாள். அதே அடடா வாக்கியம். கட்டில் கால் வரியில், அந்த 'இன்னிக்கே'யை எடுத்துவிட்டு 'கேட்டுட்டு எப்ப வரும்னு சொல்றேன்' என்று மாற்றி, வலது பக்கம். விழுந்த அலமாரி வரியில், ஒரு எழுத்தும் மாற்றாமல், இடது பக்கம். ஒரே வாக்கியம் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அடுத்து யாரு?" என்றாள்.

வாயாடிகூட நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குப்பையை ஊர் நடுவில் கொட்ட யாருக்கு மனசு வரும்?

அத்தான் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து பிரியத் தொடங்கியிருந்தது. மேஜை மேல் விரித்து உள்ளங்கையால் தேய்த்தார்.

"இது இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றார், இடது பத்தியைக் காட்டி. "ஆனா கீழ பேரு போடுங்க. கலெக்டர்னே போடுங்க, அதான் எல்லாருக்கும் தெரியும். ஏன்னு போடற பத்தியில, இந்தாளுக்கு அப்ப பயம்னு எழுதுங்க. தப்பா ஏதும் எழுதிடக்கூடாதுன்னு பயந்து பயந்து, எதுவுமே எழுதல." பிறகு, தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். "கட்டிலின் நான்காம் கால் குறித்த தங்கள் கோரிக்கை. ஏம்மா, எப்படித்தான் எழுதினேனோ?"

முதலில் சிரித்தது அவர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள். வாயாடி, "என்னுதையும் எடுத்துக்குங்க அக்கா, இதவிட மோசமா ஒன்னு இருக்கு" என்று போனைத் துழாவினாள். அன்று இடது பத்தி நிரம்பி வழிந்தது.

மேனேஜர் கையேட்டை நின்றுகொண்டே படித்தார். விழுந்த அலமாரி வரிக்கு வந்தார். வலது பக்கத்தில் அந்தத் தாய்க்குப் போன பதில் முழுசாக இருந்தது, கீழே கலெக்டர் என்று போட்டிருந்தது. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இவரு இருக்கட்டும்" என்றார் சின்னவளிடம். "தகுதிகாண் காலம் முடிஞ்சுதுன்னு எழுதிடுங்க. நோட்டீஸ் மாதிரி எழுதாதீங்க."

சின்னவள் அத்தானின் நாற்காலிக்குப் போனாள். அத்தனை தொனிக்கும் உதாரணம் எழுதினவளுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தோன்றவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்று.

அவர் புரிந்துகொண்டார். இந்த முறை எழுந்து நிற்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மூடியைத் திறந்து, பக்கத்து நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு சின்னவளே" என்றார். "உங்க அக்கா இன்னிக்கு ரெண்டு பேருக்குக் குடுத்து விட்டிருக்கா."